செயலியை மூடும் கடிதம்: பயனர் தன் தரவை முழுதாக எடுத்துப் போக என்ன எழுத வேண்டும்

சிறிய செயலி ஒன்றை நிறுத்துகிறவர்கள் அனுப்பும் கடிதம் பெரும்பாலும் நன்றியில் தொடங்குகிறது. பிறகு கனத்த மனம், இத்தனை வருடப் பயணம். நான்காவது பத்தியில் ஒரு தேதி வரும். அதன் கீழே "உங்கள் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. படிப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அவர் கைப்பேசியில், வேறு ஏதோ வேலைக்கு நடுவே, பத்து விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுவார். நன்றி நெஞ்சில் நிற்கலாம், தேதி நிற்காது.

ஒரு நாட்குறிப்புச் செயலியை எடுத்துக்கொள்வோம். தினமும் எழுதும் பதிவுகள், அவற்றோடு ஒட்டிய படங்கள், சில குரல்பதிவுகள். கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் வேலை செய்கிறது. பணம் கட்டிய பயனர்கள் கொஞ்சம், இலவசப் பயனர்கள் நிறைய. இதை மூடும்போது போகும் கடிதத்தை வரி வரியாகப் பார்க்கலாம். கணக்கு எழுதும் செயலிக்கும் சமையல் குறிப்புச் செயலிக்கும் பெரும்பகுதி இதேதான்.

முதலில் தலைப்பு வரி. "ஒரு முக்கிய அறிவிப்பு" என்று போட்டால் விளம்பரக் குப்பையோடு சேர்ந்து போகும். தலைப்பிலேயே செய்தி முழுதும் இருக்கட்டும்:

> செயலி மே 30 அன்று நிற்கிறது. உங்கள் நாட்குறிப்புகளை ஆகஸ்ட் 28-க்குள் எடுத்துக்கொள்ளுங்கள்

அஞ்சலைத் திறக்காதவருக்கும் இதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இங்கே இரண்டு தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள். செயலி நிற்கும் நாளும் தரவு அழியும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. இணையதளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடுவதாக 2013 மார்ச் 13 அன்று அறிவித்தார்கள். ஜூலை 1 அன்று அது நின்றது. ஆனாலும் சந்தாப் பட்டியலை ஜூலை 15 வரை பதிவிறக்க முடிந்தது. கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8 அன்று நிறுத்தியபோது, தரவை எடுக்க அக்டோபர் 8 வரை நேரம் இருப்பதாக முதல் அறிவிப்பிலேயே சொன்னது. பலருக்குச் செயலி நின்ற பிறகுதான் அது நிற்கப்போகிறது என்ற செய்தியே எட்டும். திறந்து பார்த்து, ஒன்றும் வராமல், பிறகு அஞ்சலைத் தேடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்த இடைவெளி.

நம் நாட்குறிப்புச் செயலிக்குக் கடிதம் மார்ச் 1 அன்று போகிறது என்று வைத்துக்கொண்டால், கால வரிசை இப்படி அமையும். அன்றே புதிய கணக்குகளும் பணம் வாங்குவதும் நிற்கின்றன. மார்ச் 31 முதல் புதிய பதிவு எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். மே 30 அன்று செயலி நிற்கிறது. அதன்பின் பதிவிறக்கப் பக்கம் ஒன்று மட்டும் ஆகஸ்ட் 28 வரை உயிரோடு இருக்கிறது. 30 நாள், 90 நாள், 180 நாள். கடிதத்தில் நாள் எண்ணிக்கையைப் போடாதீர்கள், தேதியைப் போடுங்கள். தாமதமாகப் படிப்பவர் எந்த நாளிலிருந்து எண்ணுவார்? நேரத்தையும் குறிப்பிட வேண்டும். "30-ஆம் தேதி நள்ளிரவு" என்றால் 29 முடியும் நள்ளிரவா, 30 முடியும் நள்ளிரவா என்று குழப்பம் வரும். "மே 30 நண்பகல் 12 மணி, யூடிசி நேரம்" என்றால் வராது.

எழுதுவதை ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறுத்த வேண்டும்? மார்ச் 5 அன்று ஒருவர் தரவைப் பதிவிறக்கிவிட்டு, பழக்கத்தில் மே மாதம் வரை எழுதிக்கொண்டே இருந்தால், அந்த மூன்று மாதப் பதிவுகள் அவர் கோப்பில் இருக்காது. "நான்தான் எடுத்துவிட்டேனே" என்ற நிம்மதி அவரை மறுபடி எடுக்க விடாது. எழுதுவது நின்ற பிறகு எடுக்கும் பிரதிதான் முழுப் பிரதி. இதைக் கடிதத்தில் அப்படியே சொல்லிவிடலாம்: "மார்ச் 31-க்கு முன் பதிவிறக்கியிருந்தால், அதன் பிறகு இன்னொரு முறை பதிவிறக்குங்கள்."

இந்த இடத்தில் வழங்கிப் பக்கம் ஒரு பொறி இருக்கிறது. படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றும்போது, வழங்கி எல்லா எழுத்துக் கோரிக்கைகளையும் மறுக்கும்படி வைத்துவிடுவது எளிய வழி. ஆனால் இணையம் இல்லாத இடத்தில் எழுதி, இன்னும் மேலே ஏறாத பதிவுகள் சில கைப்பேசிகளில் காத்திருக்கும். அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட்டில் போன வருடத்துப் பதிவு பத்து இருக்கலாம். வழங்கி மறுத்தால் அவை அந்தக் கருவியிலேயே சிறைப்பட்டுவிடும், பதிவிறக்கக் கோப்பில் வராது. அதனால் புதிதாக எழுதும் பொத்தானைச் செயலியில் மட்டும் மறையுங்கள். ஏற்கெனவே எழுதியதை வழங்கி மே 30 வரை வாங்கிக்கொள்ளட்டும்.

கடிதத்தில் பயனருக்கான படிகள் இதையே முதலில் வைக்க வேண்டும்:

> 1. இந்தச் செயலி உள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் அதை ஒரு முறை திறங்கள். வைஃபையில் இணைத்து, மேலே "எல்லாம் ஏறிவிட்டது" என்று வரும் வரை காத்திருங்கள்.
> 2. செயலியை இப்போது நீக்காதீர்கள். 6-ஆம் படி முடிந்தபின் நீக்கலாம்.
> 3. முடிந்தால் கணினியில், உலாவி வழியாக உங்கள் கணக்கில் நுழைந்து, அமைப்புகள் பகுதியில் "என் தரவைப் பதிவிறக்கு" என்பதை அழுத்துங்கள்.
> 4. கோப்பு தயாரானதும் உங்களுக்கு ஓர் அஞ்சல் வரும். படங்கள் நிறைய இருந்தால் சில மணி நேரம் ஆகும். அதில் உள்ள இணைப்பு 7 நாள் வேலை செய்யும். தவறவிட்டால் 3-ஆம் படியை மறுபடி செய்யலாம்.
> 5. ஜிப் கோப்பைச் சேமித்து, முழுதாக விரித்தெடுங்கள்.
> 6. உள்ளே இருக்கும் எண்ணிக்கையைச் செயலியில் தெரியும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது படி அவ்வளவு மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு. "செயலி நிற்கிறது" என்று படித்ததும் பலர் முதலில் செய்வது அதை நீக்குவதுதான். ஆண்ட்ராய்டில் செயலிக்கென்று ஒதுக்கிய சேமிப்பிடம் செயலியோடு சேர்ந்து அழியும். ஐபோனிலும் "Delete App" கொடுத்தால் அப்படியே. மேலே ஏறாத பதிவு ஒன்று இருந்தாலும் அதோடு போயிற்று.

நான்காவது படியில் உள்ள 7 நாள் சும்மா போட்ட எண் அல்ல. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் கையொப்பமிட்ட இணைப்பு ஒன்றுக்கு அதிகபட்ச ஆயுள் 7 நாள், அதாவது 604800 விநாடி. அதிலும் ஒரு சிக்கல். தற்காலிக அனுமதிச் சான்றுகளைக் கொண்டு இணைப்பை உருவாக்கினால், அந்தச் சான்று காலாவதியாகும் கணத்தில் இணைப்பும் செத்துவிடும், நீங்கள் 7 நாள் என்று கேட்டிருந்தாலும். சோதிக்கும்போது உடனே அழுத்திப் பார்ப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். இரவு அஞ்சலைப் பார்த்துக் காலையில் அழுத்துகிறவருக்குத்தான் பிழை வரும். எனவே கடிதம் போவதற்கு முன், உருவாக்கி ஆறு நாள் ஆன இணைப்பு ஒன்றைக் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். இணைப்பை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும்படியும் வைக்காதீர்கள். பல அலுவலக அஞ்சல் அமைப்புகள் பாதுகாப்புக்காக இணைப்புகளைத் தாமே முதலில் திறந்து பார்க்கும். அந்த ஒரு முறை அதிலேயே தீர்ந்துவிடும்.

இனி ஜிப்புக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது. சிறிய செயலிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். தரவுத்தளத்தில் உள்ள அட்டவணையை அப்படியே சிஎஸ்வி கோப்பாகக் கொட்டித் தந்துவிட்டு, ஏற்றுமதி வசதி தந்துவிட்டோம் என்று சொல்வார்கள். அந்தக் கோப்பில் படம் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் இணைய முகவரி இருக்கும். இன்று அழுத்தினால் படம் திறக்கும். வழங்கி அணைந்த மறுநாள் திறக்காது. பயனர் அதைக் கண்டுபிடிப்பது இரண்டு வருடம் கழித்து, ஒரு பழைய படத்தைத் தேடும்போது. எனவே படமும் குரலும் கோப்பாகவே உள்ளே இருக்க வேண்டும். நம் செயலிக்கு இப்படி:

```
index.html
entries.csv
entries.json
photos/2021-04-14_0872_1.jpg
audio/2021-04-14_0872_1.m4a
summary.txt
```

`index.html` மனிதர் படிப்பதற்கு. எந்த மென்பொருளும் நிறுவாமல் உலாவியில் திறந்து நாள் வாரியாகப் பார்க்கலாம். `entries.json` இன்னொரு செயலிக்குக் கொண்டுபோவதற்கு. `entries.csv` இரண்டுக்கும் நடுவே, விரிதாளில் திறக்க விரும்புகிறவர்களுக்கு. மூன்றும் ஒரே உள்ளடக்கம்தான் என்று கடிதத்தில் ஒரு வரி சொல்லிவிட்டால், எதைத் திறப்பது என்று யாரும் திகைக்க மாட்டார்கள்.

படக் கோப்பின் பெயர் தேதி, பதிவு எண், வரிசை எண் என்று இருப்பதைப் பாருங்கள். பதிவின் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெயர்கள் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளன என்று சொல்லும் குறி ஜிப் வடிவத்தில் தனியாக உண்டு. அதை எழுதாத நிரலும் இருக்கிறது, படிக்காத மென்பொருளும் இருக்கிறது. இரண்டில் ஒன்று வாய்த்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிடும், எந்தப் படம் எந்தப் பதிவுக்கு என்ற தொடர்பும் அறுந்துவிடும். நீளமான தலைப்புகள் விண்டோஸில் 260 எழுத்துப் பாதை வரம்பிலும் முட்டும். எண்ணில் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சிஎஸ்வி கோப்பைப் பற்றித் தமிழ்ப் பயனர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோப்பை இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்ததும் "தமிழ்" என்ற சொல் இப்படித் தெரியலாம்:

```
à®¤à®®à®¿à®´à¯
```

பார்த்தவுடன் தரவே கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். எக்செல் அதைப் பழைய மேற்கத்தியக் குறியாக்கம் என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஆபத்து இதன் பிறகுதான் இருக்கிறது: அந்தக் கோலத்திலேயே சேமித்துவிட்டால் கோப்பு நிஜமாகவே கெட்டுவிடும். கடிதத்தில் இப்படி எழுதலாம்: "எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிந்தால் சேமிக்காமல் மூடுங்கள். எக்செலில் வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, `Data` பட்டியில் `From Text/CSV` கொடுத்து, `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` தேர்ந்தெடுங்கள்." இந்தத் தொல்லை பயனர் வரை போகாமல் தடுக்கவும் வழி உண்டு. கோப்பின் தொடக்கத்தில் EF BB BF என்ற மூன்று பைட் இருந்தால் எக்செல் குறியாக்கத்தைத் தானே புரிந்துகொள்ளும். பைத்தானில் ஒரே வரி:

```python
open("entries.csv", "w", encoding="utf-8-sig", newline="")
```

அப்படிச் செய்தாலும் நாட்குறிப்புக்கு எக்செல் பொருத்தமான இடம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துகளுக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது. நீண்ட பதிவுகள் அதைத் தாண்டும். கழித்தல் குறியில் தொடங்கும் பதிவை அது சூத்திரம் என்று எடுத்துக்கொண்டு `#NAME?` என்று காட்டும். அன்றைய வேலைகளைக் கோடு போட்டுப் பட்டியலாக எழுதுகிற பழக்கம் உள்ளவர்களின் பதிவுகள் பல இப்படித்தான் தெரியும். மூலக் கோப்பில் அவை பத்திரமாகவே இருக்கின்றன. அதனால்தான் படிப்பதற்கு `index.html` என்று கடிதம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தேதியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் போதும். 03/04/2021 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்பது படிக்கும் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. `2021-04-03T21:40:00+05:30` என்று நேர வலயத்தோடு எழுதினால் எந்த மென்பொருளும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்ளும். இரவு பதினொன்றரைக்கு எழுதிய நாட்குறிப்பு, நேர வலயம் தொலைந்தால் வேறு தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நாட்குறிப்பில் அது சின்னப் பிழை இல்லை.

ஐந்தாவது படியில் "முழுதாக விரித்தெடுங்கள்" என்றேன். விண்டோஸில் ஜிப் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது சாதாரணக் கோப்புறை போலவே திறக்கும். அங்கிருந்தே `index.html` கோப்பை அழுத்தினால் அந்த ஒரு கோப்பு மட்டும் தற்காலிக இடத்துக்கு எடுக்கப்பட்டுத் திறக்கும். எழுத்து வரும், படம் ஒன்றும் வராது. "என் படங்களைக் காணோம்" என்று வரும் அஞ்சல்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுவாக இருக்கும். ஜிப் மீது வலது சொடுக்கி `Extract All` கொடுக்கச் சொல்லுங்கள். ஐபோனில் கோப்புகள் செயலியில் ஜிப்பைத் தொட்டால் பக்கத்தில் கோப்புறை ஒன்று உருவாகும். கைப்பேசியில் `index.html` திறக்கும்போது பக்கத்துக் கோப்புறையில் உள்ள படங்கள் தெரியாமல் போவது சகஜம். `photos` கோப்புறைக்குள் படங்கள் இருக்கின்றனவா என்று அங்கே பார்த்துக்கொண்டு, பக்கத்தைக் கணினியில் திறந்தால் போதும்.

படம் அதிகம் உள்ளவர்களின் ஜிப் பெரிதாகிவிடும். பல பென்டிரைவ்கள் இன்னும் ஃபேட்32 அமைப்பில் இருக்கின்றன. அதில் 4 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு ஏறாது. 2 ஜிபிக்கு ஒன்றாகப் பிரித்துத் தாருங்கள். ஒவ்வொரு பகுதியும் தனியாகத் திறக்கக்கூடிய முழு ஜிப்பாக இருக்க வேண்டும். எல்லாப் பகுதிகளும் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற வகை வேண்டாம். அதில் ஒரு பகுதி பழுதானால் மொத்தமும் போய்விடும்.

ஆறாவது படிதான் பெரும்பாலான கடிதங்களில் இருப்பதே இல்லை. கோப்பு இறங்கியதும் வேலை முடிந்தது என்று எல்லோரும் எண்ணுகிறோம். பாதியில் அறுந்த பதிவிறக்கமும், வழங்கியில் எடுக்க முடியாமல் போன படமும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. `summary.txt` அதற்காகத்தான். ஒரு பயனருடைய கோப்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
entries: 1240
photos: 3106
audio: 58
missing photos: 2
  entry 0311 (2018-09-02)
  entry 0987 (2022-01-19)
```

செயலியின் கணக்குப் பக்கத்திலும் இந்த மூன்றின் மொத்த எண்ணிக்கை தெரிய வேண்டும்: 1240 பதிவு, 3108 படம், 58 குரல். பயனர் `photos` கோப்புறையைத் திறந்தால் 3106 கோப்புகள். குறையும் இரண்டு எவை என்று பெயரோடு எழுதியிருக்கிறது. அவர் அந்த இரு பதிவுகளையும் செயலியில் திறந்து பார்க்கலாம். சில சமயம் வழங்கியில் இல்லாத படம் கைப்பேசியில் இருக்கும், அங்கிருந்து சேமித்துக்கொள்ளலாம். எடுக்க முடியாத படத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் நிரல் எழுதுவது எளிது. அப்படி எழுதினால் இந்த இருவரித் தகவல் யாருக்கும் கிடைக்காது. பயனர் பக்கத்து எண் செயலியைவிட வெகுவாகக் குறைந்தால் பதிவிறக்கம் அறுந்திருக்கிறது அல்லது ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும்.

பதிவுகளைக் கைப்பேசியிலேயே பூட்டி, சாவியைப் பயனரிடம் மட்டும் வைக்கும் செயலிக்கு மேலே சொன்ன வழி செல்லாது. வழங்கியில் இருப்பது பூட்டிய உரைதான், அதை ஜிப்பாக்கித் தந்து பயனில்லை. பதிவிறக்கம் கைப்பேசிச் செயலிக்குள்ளேயே நடக்க வேண்டும். மே 30-க்குப் பிறகு இணையப் பக்கம் மட்டும் போதும் என்ற ஏற்பாடும் அங்கே நடக்காது.

பணம் பற்றி ஒரு பத்தி கடிதத்தில் கட்டாயம். செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நிற்காது. ஐபோனில் அமைப்புகளில் தம் பெயரைத் தொட்டு `Subscriptions`, ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் முகப்படத்தைத் தொட்டு `Payments & subscriptions` என்று போக வேண்டும். வருடச் சந்தாவில் மீதி மாதங்களுக்கான பணத்தைப் பொறுத்தவரை இரண்டு கடைகளுக்கும் வித்தியாசம் உண்டு. பிளே ஸ்டோரில் செயலி நடத்துபவரே திருப்பித் தர முடியும். ஆப்பிளில் பணத்தைத் திருப்பித் தருவது ஆப்பிள்தான், பயனர் `reportaproblem.apple.com` பக்கத்தில் கேட்க வேண்டும். "எல்லோருக்கும் பணம் திரும்ப வரும்" என்று பொதுவாக எழுதிவிட்டால் ஐபோன்காரர்கள் வராத பணத்துக்குக் காத்திருப்பார்கள்.

இப்படிக் கடிதம் போனதும் அதைப் போலவே போலிக் கடிதம் வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் கடிதத்தில் நுழைவுப் பக்கத்துக்கு நேரடி இணைப்பு வைக்காமல், "செயலியைத் திறந்து அமைப்புகளுக்குப் போங்கள்" என்று எழுதுவது நல்லது. கடவுச்சொல்லை எந்த அஞ்சலிலும் கேட்க மாட்டோம் என்றும் சேர்த்துவிடுங்கள். கடவுச்சொல் மறந்தவர்கள் நிறைய இருப்பார்கள். அதை மாற்றித் தரும் அஞ்சல் சேவை ஆகஸ்ட் 28 வரை ஓட வேண்டும். செலவைக் குறைக்க முதலில் அதை வெட்டிவிட்டால் பதிவிறக்கப் பக்கம் இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

கடிதத்தை எல்லோருக்கும் ஒரே மணியில் அனுப்பாதீர்கள். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஜிப் கேட்டால் வரிசை நீண்டு, சில மணி நேரம் என்று சொன்னது சில நாளாகிவிடும். பயந்துபோனவர்கள் மறுபடி மறுபடி அழுத்துவார்கள், வரிசை இன்னும் நீளும். பத்தில் ஒரு பங்காகப் பிரித்து நாளுக்கு ஒரு பங்கு அனுப்பலாம். ஒருவருடைய ஜிப் ஏற்கெனவே வரிசையில் இருந்தால் இரண்டாவது கோரிக்கையைச் சேர்க்காமல், "தயாராகிக்கொண்டிருக்கிறது" என்று மட்டும் காட்டலாம்.

அழிப்பது பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 28 அன்று முதன்மைத் தரவுத்தளம் அழியும். காப்புப் பிரதிகள் 30 நாள் சுழற்சியில் இருந்தால் அவை முழுதும் அழிய செப்டம்பர் 27 ஆகும். "அன்றே அனைத்தும் அழியும்" என்று எழுதினால் அது உண்மையாகாது. தளத்தின் பெயரை அதன் பிறகும் சில வருடம் புதுப்பித்து வைத்திருங்கள். கைவிட்டால் யாரோ அதை வாங்கி, பழைய பயனர்களிடம் பழைய பெயரிலேயே பேச முடியும்.

மே 23-இலும் ஆகஸ்ட் 21-இலும் போகும் நினைவூட்டல்கள் எல்லோருக்கும் தேவையில்லை. யார் ஜிப்பைப் பதிவிறக்கினார்கள் என்பது வழங்கியில் பதிவாகியிருக்கும். இன்னும் எடுக்காதவர்களுக்கும், எழுதுவது நிற்பதற்கு முன் எடுத்தவர்களுக்கும் மட்டும் அனுப்புங்கள். அதில் அவரவர் எண்ணையே போடுங்கள்: "உங்கள் 1240 பதிவுகளும் 3108 படங்களும் இன்னும் இங்கே இருக்கின்றன. ஆகஸ்ட் 28 நண்பகல் 12 மணி, யூடிசி நேரத்துக்குப் பிறகு இருக்காது."